காணாமல் போகாத ஊருணிகள்

1989-இல் நான் தேவகோட்டைப் பக்கம் கண்மாய்களைக் கணக்கெடுக்கும் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தபோது, எங்கள் அலுவலகத்தில் பூட்டு போட்ட அலமாரி ஒன்றுதான் இருந்தது. அதற்குள் பணம் கிடையாது. ஒரு தகரக் குழாயும், அதற்குள் சுருட்டி வைத்த ஒரே ஒரு தாளும்தான் இருந்தன. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடம், தாள் எண் 58 K/13. அட்சரேகை 9°45' முதல் 10° வரை, தீர்க்கரேகை 78°45' முதல் 79° வரை. தேவகோட்டையும் திருவாடானையும் அதற்குள் அடக்கம்.

பூட்டுக்குக் காரணம் இருந்தது. நாட்டின் எல்லையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் 80 கிலோமீட்டருக்குள் வரும் பகுதிகளின் வரைபடங்கள் அப்போது கட்டுப்படுத்தப்பட்டவை. எங்கள் பகுதியிலிருந்து தொண்டிக் கடல் கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் 80 கிலோமீட்டருக்கு நன்றாக உள்ளேதான் இருந்தது. விண்ணப்பம், உறுதிமொழி, பொறுப்பாளர் கையெழுத்து, பதிவேடு எல்லாம் முடிந்து தாள் எங்கள் கைக்கு வர நான்கு மாதம் ஆயிற்று. அதை மேசையில் விரிப்பதற்கு முன்னால் கை கழுவுவோம். பேனா அருகில் வரக்கூடாது.

அந்தத் தாளை எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர். பக்கத்துக்கு சுமார் 55 சென்டிமீட்டர் வரும் அந்தத் தாளில் 27 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலம் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் என்றால் நிலத்தில் 50 மீட்டர். அவர் முதல் நாள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, இந்தக் கோட்டோட தடிமனுக்குள்ள ஒரு வீடும் மாட்டுக்கொட்டகையும் அடங்கிரும். அதுக்குக் கீழ இந்தத் தாள்ட்ட ஒண்ணும் கேக்காத."

வேலை எளிமையானது. தாளின் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து ஒவ்வொரு கண்மாயின் கரையையும் மெல்லிய பென்சிலில் எடுப்போம். பிறகு அதை மில்லிமீட்டர் கட்டத்தாளின் மேல் வைத்துக் கட்டங்களை எண்ணுவோம். ஒரு கட்டம் 2,500 சதுர மீட்டர், அதாவது கால் ஹெக்டேர். நாங்கள் முதலில் எண்ணிய பெரிய கண்மாய் 96 கட்டம் வந்தது. 24 ஹெக்டேர். பாதிக்கு மேல் உள்ளே வரும் கட்டத்தை முழுதாக எண்ணு, பாதிக்குக் குறைந்ததை விட்டுவிடு என்பதுதான் விதி.

ஊருணிகளுக்கு மட்டும் அவர் அந்த விதியை அனுமதிக்கவில்லை. வரைபடத்தில் நீலப் புள்ளி போலத் தெரியும் குடிநீர்க் குளங்கள் அவை. "அதை எண்ணாத தம்பி. சின்னது கண்ணுக்குத் தெரியணும்னு கொஞ்சம் பெருசாத்தான் போட்டிருப்பாங்க. இருக்குன்னு சொல்றதுக்குத்தான் அது. எவ்வளவுன்னு சொல்றதுக்கு இல்ல." எங்கள் பணிப் பகுதியில் அப்படி 41 ஊருணிகள் இருந்தன. அவற்றின் பெயர்களை ஊர்ஊராகப் போய்க் கேட்டு ஒரு நோட்டில் எழுதினேன். பரப்பு என்ற கட்டத்தைக் காலியாகவே விட்டேன்.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே பகுதிக்கு, அதே நோட்டோடு, மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். நடுவில் நிறைய மாறியிருந்தது. 2005-இன் தேசிய வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கான வரைபடங்களைப் பாதுகாப்புத் துறைக்கானவற்றிலிருந்து பிரித்தது. 2009 ஆகஸ்டில் இஸ்ரோ 'புவன்' தளத்தைத் திறந்தது. செயற்கைக்கோள் படங்களிலிருந்து தயாரித்த நிலப் பயன்பாட்டு வரைபடங்களை யாரும் தன் கணினியிலிருந்தே இணைத்துப் பார்க்கலாம். கடிதம் வேண்டாம், அலமாரி வேண்டாம்.

இணைப்பது எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் நான் அதில் ஒரு முழு நாளைத் தொலைத்தேன். QGIS என்ற இலவச மென்பொருளில் Layer பட்டியலில் Add Layer, அதற்குள் Add WMS/WMTS Layer. New என்பதை அழுத்தினால் பெயரும் முகவரியும் கேட்கும். முகவரி என்பது நாம் உலாவியில் பார்க்கும் பக்கத்தின் முகவரி அன்று. சேவையின் அடி முகவரி. பிறகு Connect அழுத்தினால் அந்தச் சேவையில் உள்ள அடுக்குகளின் பட்டியல் விரியும். வேண்டியதைத் தேர்ந்து Add கொடுத்தால் வரைபடம் வந்து விழும்.

Connect அழுத்தும்போது உள்ளே நடப்பது ஒரு கேள்வி-பதில். நம் கணினி, "உன்னிடம் என்னென்ன இருக்கிறது?" என்று கேட்கிறது. அந்தக் கேள்வியை உலாவியில் நாமே தட்டச்சு செய்தும் கேட்கலாம்:

```
https://bhuvan-vec2.nrsc.gov.in/bhuvan/wms?service=WMS&version=1.1.1&request=GetCapabilities
```

பதிலாக XML கோப்பு ஒன்று வரும். மென்பொருளில் ஏதாவது சிக்கினால் நான் முதலில் செய்வது இதைத்தான். அடி முகவரியை உலாவியில் இட்டு இந்தக் கோப்பு வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால் சேவை உயிரோடு இருக்கிறது, தவறு என் பக்கம். வராவிட்டால் முகவரி தவறு, அல்லது சேவை அப்போது இல்லை. கோப்பைப் பொறுமையாகப் படித்தால் ஒவ்வொரு அடுக்குக்கும் இரண்டு பெயர்கள் இருப்பது தெரியும். Title மனிதருக்கு, Name கணினிக்கு. தமிழ்நாட்டின் நிலப் பயன்பாட்டு அடுக்கின் கணினிப் பெயர் `lulc:TN_LULC50K_1112`. அந்தப் பெயரிலேயே பாதி விஷயம் இருக்கிறது. 50K என்றால் 1:50,000. 1112 என்றால் 2011-12. அன்று நான் அதை ஒரு கடவுச்சொல் போலத்தான் பார்த்தேன். நகலெடுத்து ஒட்டினேன், படிக்கவில்லை.

அடுத்தது இடம். என் பழைய தாளின் நான்கு மூலைகளை மட்டும் கேட்கலாம் என்று கோரிக்கையைக் கையாலேயே எழுதினேன். சேவை ஒரு PNG படம் அனுப்பியது. படம் முழுக்க வெறுமை. பிழைச் செய்தி எதுவும் இல்லை. மாலை வரை அடுக்கின் பெயரையும் அளவுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். காரணம் இந்த இரண்டு வரிகளின் வேறுபாட்டில் இருந்தது:

```
version=1.1.1&srs=EPSG:4326&bbox=78.75,9.75,79.00,10.00
version=1.3.0&crs=EPSG:4326&bbox=9.75,78.75,10.00,79.00
```

இரண்டும் ஒரே இடம்தான். ஆனால் 1.1.1 பதிப்பில் தீர்க்கரேகை முதலில் வரும். 1.3.0 பதிப்பில், EPSG:4326 என்ற ஆயமுறையைப் பயன்படுத்தினால், அட்சரேகை முதலில் வரும். நான் பதிப்பு எண்ணையும் crs என்பதையும் மட்டும் புதிதாக எழுதி, எண்களைப் பழைய வரிசையில் வைத்திருந்தேன். 78.75 டிகிரி வடக்கு, 9.75 டிகிரி கிழக்கு என்றால் அது ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே உள்ள ஆர்க்டிக் கடல். தமிழ்நாட்டு அடுக்கில் அங்கே காட்ட ஒன்றும் இல்லை. ஆகவே சேவை சரியான பதிலைத்தான் தந்தது. கோரிக்கையில் பிழை இருந்தால் படத்துக்குப் பதில் ServiceException என்ற சொல்லோடு ஒரு XML வரும். படம் வந்து, அது வெறுமையாக இருந்தால், கோரிக்கை இலக்கணப்படி சரி, இடம்தான் தவறு. அல்லது அந்த அடுக்கு அந்த அளவில் தெரியாதபடி வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வரம்பும் 1.3.0 கோப்பில் MinScaleDenominator, MaxScaleDenominator என்ற பெயர்களில் இருக்கும். QGIS வழியாகப் போனால் எண்களின் வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும். ஏதாவது ஒரு சேவை வரிசையைத் தவறாகச் செயல்படுத்தியிருந்தால் இணைப்பு அமைப்பில் Invert axis orientation என்ற பெட்டியை டிக் செய்தால் போதும்.

வரிசையைத் திருத்தியதும் என் பகுதி திரையில் வந்தது. தேவகோட்டை, வயல்கள், நீல நிறத்தில் கண்மாய்கள். தகரக் குழாயிலிருந்து தாளை உருவிய நாளின் அதே படபடப்பு. நோட்டை எடுத்தேன். பெரிய கண்மாய் அங்கே இருந்தது. இவ்வளவு வந்துவிட்டதே, இனிக் கட்டத்தாள் எதற்கு, கணினியே பரப்பைச் சொல்லிவிடுமே என்று நினைத்தேன்.

சொல்லாது. WMS என்பதன் முக்கியமான வரம்பு இதுதான், அது திரையில் தெரியாது என்பதால் விரிவாகச் சொல்கிறேன். நமக்கு வருவது கண்மாயின் எல்லைக்கோடு அன்று, அந்தக் கோட்டைச் சேவையகம் தன் இடத்திலேயே வரைந்து அனுப்பும் படம். நாம் நகர்த்தும்போதும் பெரிதாக்கும்போதும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு படம் வரைந்து வருகிறது. படத்தில் உள்ள நீலப் புள்ளிக்குத் தான் ஒரு கண்மாயின் பகுதி என்று தெரியாது. Identify கருவியால் ஓர் இடத்தைச் சொடுக்கினால், "இந்தப் புள்ளியில் என்ன இருக்கிறது?" என்று இன்னொரு கேள்வி போகிறது. சேவை அதை அனுமதித்திருந்தால் அந்த ஓர் இடத்துக்கான விவரம் மட்டும் வரும். கோப்பில் அந்த அடுக்குக்கு `queryable="0"` என்று இருந்தால் அதுவும் இல்லை. எல்லாக் கண்மாய்களையும் பரப்பு வாரியாக வரிசைப்படுத்து என்று கேட்கவே முடியாது. நிறத்தையும் நம் விருப்பப்படி மாற்ற முடியாது. அவர்கள் வைத்திருக்கும் பாணிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம், அவ்வளவுதான். கோடுகளையே தரும் சேவைக்கு WFS என்று பெயர். அதைத் தருவதா வேண்டாமா என்பது ஒவ்வொரு துறையின் முடிவு.

இது புரியாமல் நான் படத்தைச் சேமித்து நீலப் புள்ளிகளை எண்ணினேன். இந்தத் தரநிலையில் ஒரு திரைப்புள்ளி 0.28 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஆகவே 1:50,000 அளவில் ஒரு புள்ளி நிலத்தில் 14 மீட்டர், பரப்பு 196 சதுர மீட்டர். பெரிய கண்மாயில் 1,180 நீலப் புள்ளிகள். 23.1 ஹெக்டேர். சந்தேகம் வந்து 1:2,00,000 அளவில் அதே கண்மாயைச் சேமித்து எண்ணினேன். இப்போது ஒரு புள்ளி 56 மீட்டர், 82 புள்ளிகள், 25.7 ஹெக்டேர். ஒரே அடுக்கு, ஒரே ஆண்டு, ஒரே கண்மாய். கரையோரத்தில் பாதி நீலமும் பாதி வயல் நிறமுமாகக் கலந்த புள்ளிகளை நான் எந்தப் பக்கம் சேர்த்தேன் என்பதுதான் அந்த இரண்டரை ஹெக்டேர் வேறுபாட்டின் பெரும்பகுதி. படத்திலிருந்து பரப்பு வேண்டுமென்றால் நேர்மையான வழி ஒன்றுதான். படத்தை அடியில் வைத்து, புதிய அடுக்கு ஒன்றில் கரையைக் கையால் வரைந்து, அந்தக் கோட்டுக்குப் பரப்புக் கேட்க வேண்டும். டிரேசிங் பேப்பரில் செய்ததேதான்.

இது எண்ணிக்கைப் பிழை. அதைவிடப் பெரிய பிழையை ஊருணிகளில் செய்தேன்.

நோட்டில் இருந்த 41 ஊருணிகளையும் ஒவ்வொன்றாகத் திரையில் தேடினேன். 12 மட்டுமே நீலமாகத் தெரிந்தன. மீதி 29 இடங்களிலும் வயல் அல்லது தரிசு நிறம். பெரிதாக்கிப் பார்த்தேன். 1:2,000 வரை போனேன். எல்லைக்கோடுகள் மெல்லியதாகவும் கூர்மையாகவும் இருந்தன. இவ்வளவு கூர்மையான வரைபடத்தில் இல்லையென்றால் நிலத்திலும் இல்லை என்று மனம் முடிவு கட்டிவிட்டது. முப்பது ஆண்டுகளில் 29 ஊருணிகள் அழிந்தன என்று அறிக்கையில் ஒரு வாக்கியமும் எழுதினேன். எழுதும்போது கோபமும் துக்கமுமாக இருந்தேன். அந்த ஊருணிகளில் நான் தண்ணீர் குடித்திருக்கிறேன்.

அறிக்கையை அச்சுக்குக் கொடுக்கும் முன், பட்டியலில் இருந்த ஓர் ஊரின் ஊராட்சித் தலைவியிடம் ஆக்கிரமிப்பு பற்றிக் கேட்கப் போனேன். அவர் பட்டியலை வாங்கிப் படித்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"சார், இதுல நாலாவதா போட்டிருக்கீங்களே, அந்த ஊருணியிலதான் நேத்து எங்க வீட்டுக்கே தண்ணி எடுத்தோம்."

கூடவே நடந்து போய்ப் பார்த்தேன். படித்துறை, வேலி, நிறைய தண்ணீர். நாடாவைப் பிடித்து அளந்தோம். நீளம் 62 மீட்டர், அகலம் 48 மீட்டர். 2,976 சதுர மீட்டர், முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு.

அன்றிரவுதான் நான் முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். அந்த 50K வரைபடத்துக்கு மூலம் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளின் LISS-III கருவி எடுத்த படங்கள். அதில் ஒரு படப்புள்ளி நிலத்தில் 23.5 மீட்டர். ஊருணியின் நீளத்தில் இரண்டரைப் புள்ளிகளும் அகலத்தில் இரண்டு புள்ளிகளும்தான் அடங்கும். ஆனால் புள்ளிகள் நம் கரையை ஒட்டி வரிசையாக உட்காருவதில்லை. முழுக்கத் தண்ணீர் மேல் விழுவது ஒன்றோ இரண்டோதான். மற்றவற்றில் கரையும் கருவேல மரமும் கலந்திருக்கும். அதைவிட முக்கியமானது வரைபவரின் விதி. இதுபோன்ற வரைபடங்களில் தாளில் சுமார் 3 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஒன்றைத் தனிப் பரப்பாக வரைவதில்லை, அக்கம்பக்கத்தோடு சேர்த்துவிடுவார்கள். 1:50,000-இல் அது 150 மீட்டருக்கு 150 மீட்டர். 2.25 ஹெக்டேர். எங்கள் ஊருணி 0.3 ஹெக்டேர். ஏழு ஊருணிகளைச் சேர்த்து வைத்தாலும் அந்த வாசலைத் தாண்ட முடியாது.

ஆக, 1989-இன் தாளில் ஊருணி இருந்ததும் 2011-12-இன் அடுக்கில் அது இல்லாததும் ஊருணியைப் பற்றிய செய்தி அன்று. பழைய தாளை உருவாக்கியவர்கள் அதை ஒரு குறியீடாக, உள்ளதைவிடப் பெரிதாகப் போட்டார்கள். புதிய அடுக்கை உருவாக்கியவர்களின் வேலை வேறு. மாநிலம் முழுவதும் எவ்வளவு நிலம் எந்தப் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்வது. அதற்கு முக்கால் ஏக்கர் தேவையில்லை. அவர்கள் எதையும் மறைக்கவும் இல்லை. 50K என்று அடுக்கின் பெயரிலேயே எழுதியிருந்தார்கள். நான்தான் 1:2,000-இல் நின்றுகொண்டு அதைப் பார்த்தேன்.

தாளில் இந்தத் தவறு எனக்கு நேர்ந்ததில்லை. தாளைப் பெரிதாக்க முடியாது. பூதக்கண்ணாடி வைத்தால் கோடும் தடிக்கும், மை பரவியது தெரியும், கண் தானாகவே நின்றுவிடும். திரையில் கோடு எப்போதும் ஒரே தடிமன். ஒவ்வொரு முறையும் புதிதாக வரைந்து அனுப்புவதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் தடிக்காது. அந்தக் கூர்மை கோட்டை வரையும் நிரலின் கூர்மை. அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அடியில் தெளிவான செயற்கைக்கோள் படம் ஒன்றை வைத்து, பெரிய கண்மாய் ஒன்றின் கரையை நான்கைந்து இடங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். என் கண்மாயில் அடுக்கின் கோடு உண்மையான கரையிலிருந்து ஓர் இடத்தில் 20 மீட்டரும் இன்னோர் இடத்தில் 45 மீட்டரும் விலகியிருந்தது. 1:50,000-இல் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த அளவில் அது பிழையே அன்று. ஆனால் அந்தக் கோட்டை வைத்து ஒருவர் வயலில் ஆக்கிரமிப்புக் கல் நட்டால் அது பெரிய அநியாயம். அதற்குப் புலப்படமும் கிராம வரைபடமும்தான் ஆதாரம்.

அறிக்கையை நிறுத்தினேன். அந்த வாக்கியத்தை அடித்தேன். 29 ஊருணிகளுக்கும் நேரில் போக இரண்டு மாதம் ஆயிற்று. 23 இருந்தன. ஆறு உண்மையிலேயே போய்விட்டன. இரண்டில் வீடுகள், ஒன்றில் பேருந்து நிழற்குடை, மூன்று தூர்ந்து சீமைக்கருவேலம் மூடிக் கிடந்தன. அந்த ஆறும், இருக்கும் 23-உம் திரையில் ஒரே மாதிரிதான் இருந்தன. அந்தப் பொய்யான 29-ஐ நான் அச்சிட்டிருந்தால், உண்மையான ஆறையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இப்போது எந்த அரசுச் சேவையை இணைத்தாலும், படத்தைப் பார்க்கும் முன் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொள்கிறேன்: எந்த அளவில் தயாரித்தது, எந்த ஆண்டின் படத்திலிருந்து, எவ்வளவு சிறியதுவரை காட்டும். முதல் இரண்டும் சில நேரம் அடுக்கின் பெயரிலோ Abstract பகுதியிலோ கிடைக்கும். மூன்றாவது பெரும்பாலும் சேவைக்குள் இருக்காது, அந்தத் திட்டத்தின் கையேட்டைத் தேடிப் படிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அளவை வைத்து 3 மில்லிமீட்டர் கணக்கை நானே போடுகிறேன். பிறகு QGIS-இல் அடுக்கின் பண்புகளைத் திறந்து, 1:25,000-க்கு மேல் பெரிதாக்கினால் அது மறைந்துவிடும்படி வரம்பு வைக்கிறேன். சேவை அனுமதித்தாலும் நான் அனுமதிப்பதில்லை.

கடைசியாகப் போனபோது அந்தத் தலைவியும் நானும் ஊருணிக் கரையை ஒரு சுற்று நடந்தோம். கைபேசியின் ஜி.பி.எஸ். நடந்த தடத்தைப் பதிந்துகொண்டே வந்தது. சில மீட்டர் பிழை அதிலும் உண்டு என்று அவரிடம் சொன்னேன். "அப்ப நாடாவுல அளந்ததையும் பக்கத்துல எழுதிக்கங்க சார்" என்றார். முப்பது ஆண்டுகளாகக் காலியாக இருந்த கட்டத்தில், நான்காவது வரியில், 62 × 48 என்று எழுதினேன். அதன் கீழே அளந்த தேதியையும் போட்டேன்.